ஆதாரத்தை எப்போது கேட்கிறார்கள்?

2025 மே மாதம் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் ஐந்து கால்பந்து கிளப்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. போர்ன்மத், ஃபுல்ஹாம், நியூகாசில், வுல்வர்ஹாம்ப்டன், பர்ன்லி. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கப்படும் கிளப்கள் இவை. இவற்றுக்கு ஸ்பான்சராக இருந்த பந்தயத் தளங்களுக்கு பிரிட்டனில் இனி உரிமம் கிடையாது. பிரிட்டனில் இருப்பவர் அந்தத் தளங்களுக்குள் நுழைந்து பந்தயம் கட்ட முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் கிளப் நிர்வாகிகள் மீதே வழக்கு வரலாம், அபராதமோ சிறையோ கிடைக்கலாம். கடிதத்தின் சாரம் இதுதான்.

நேற்று வரை சட்டப்படி நடந்த தளங்கள் ஒரே நாளில் எப்படி உரிமம் இல்லாதவை ஆயின? அந்தத் தளங்கள் எவற்றுக்கும் சொந்த உரிமம் இருந்ததே இல்லை என்பதுதான் விடை. மான் தீவில் இயங்கிய டிஜிபி யூரோப் என்ற நிறுவனம் பிரிட்டன் உரிமம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் கீழ் பல பிராண்டுகளின் தளங்களை நடத்திவந்தது. இதை 'வொயிட் லேபிள்' முறை என்பார்கள். பெயரும் நிறமும் ஒருவருடையவை, உரிமம் இன்னொருவருடையது. கூட்டாளிகளின் பின்னணியைச் சரியாக விசாரிக்கவில்லை, கருப்புப் பணத் தடுப்பு விதிகளைப் பின்பற்றவில்லை என்று ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 33 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதைக் கட்டி, குறைகளைத் திருத்திக்கொண்டு தொழிலைத் தொடர்வதற்குப் பதிலாக நிறுவனம் உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதோடு அந்தக் குடையின் கீழ் இருந்த எல்லா பிராண்டுகளும் பிரிட்டனில் உரிமம் இழந்தன. ஆனால் விளம்பரப் பலகைகளில் பெயர்கள் அப்படியே இருந்தன.

ஜெர்சியில் பெயர் இருக்கிறது, மைதானத்தில் பலகை ஓடுகிறது, பிரபலம் ஒருவர் சிபாரிசு செய்கிறார் என்பதெல்லாம் உரிமத்துக்குச் சாட்சி ஆகாது. லண்டனிலோ கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ வசிக்கும் ஒருவர் கைபேசியில் பந்தயம் கட்டும் முன் பார்க்க வேண்டிய சாட்சி ஒன்றே ஒன்று. அதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பார்ப்பவர்கள்தான் குறைவு.

பதிவேட்டில் தேட வேண்டியது பெயரை அல்ல

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்குமான சூதாட்டச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த சூதாட்ட ஆணையம் பர்மிங்ஹாமில் இயங்குகிறது. தொடக்கத்தில் ஜிப்ரால்டர் போன்ற இடங்களில் பதிவு செய்த நிறுவனங்கள் அங்கத்திய உரிமத்தை வைத்துக்கொண்டே பிரிட்டன் மக்களிடம் பந்தயம் வாங்க முடிந்தது. 2014 நவம்பரில் அந்தக் கதவு மூடப்பட்டது. நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, வாடிக்கையாளர் பிரிட்டனில் இருந்தால் பிரிட்டன் ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆகவே ஒரு தளத்தின் அடியில் மால்டா முத்திரையோ கியூராசோ முத்திரையோ பளபளப்பதால் பிரிட்டனில் இருப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் வந்துவிடாது. அந்த முத்திரை போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இங்கே செல்லாது.

உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களின் விவரமும் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். `gamblingcommission.gov.uk` என்று முகவரியை நாமே தட்டி, அங்கிருந்து பதிவேட்டுக்குப் போக வேண்டும். நாமே தட்ட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உரிமம் பெற்ற ஒவ்வொரு தளமும் தன் உரிமக் கணக்கு எண்ணையும், ஆணையத்தின் பதிவேட்டுக்குப் போகும் இணைப்பையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். மோசடித் தளங்களுக்கும் இந்த விதி தெரியும். அவர்கள் நேர்மையான ஒரு நிறுவனத்தின் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். இணைப்பை அழுத்தினால் ஆணையத்தின் பக்கத்தைப் போலவே வரைந்த இன்னொரு பக்கம் திறக்கும், அல்லது வெறும் படம் மட்டும் இருக்கும், எங்கும் போகாது.

பதிவேட்டில் பிராண்டின் பெயரை மட்டும் தட்டிப் பார்த்தால் குழப்பம் வரும். கடைத்தெருவில் தெரியும் பெயர் வேறு, உரிமத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் வேறு. பெட்365 தளத்தின் விளையாட்டுப் பந்தயங்களை நடத்துவது ஹில்சைட் என்று தொடங்கும் பெயருள்ள நிறுவனம். பெட்ஃபிரெட்டின் இணையத் தொழிலை நடத்துவது பெட்ஃப்ரே (ஜிப்ரால்டர்) லிமிடெட். ஸ்கை பெட்டுக்குப் பின்னால் இருந்த பெயர் போன் டெர். மூன்றும் உண்மையான, உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்கள்தான். ஆனால் அறியாத பெயரைப் பார்ப்பவர் திகைத்துப்போவார். இன்னொருவர் நேர்மாறாக, அறிந்த பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்பதாலேயே அதே பெயரில் நடக்கும் போலித் தளத்தையும் நம்பிவிடுவார்.

அதனால் தேட வேண்டியது இணைய முகவரியை. பதிவேடு இதற்கு இடம் தருகிறது. நிறுவனத்தின் பெயர், வணிகப் பெயர், கணக்கு எண் இவற்றோடு இணைய முகவரியைக் கொண்டும் தேடலாம். உலாவியின் மேல் பட்டையில் தெரியும் முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து கூடியிருந்தாலும், நடுவில் ஒரு கோடு இருந்தாலும், `.com` இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தாலும் அது வேறு தளம். நிறுவனத்தின் பக்கம் திறந்ததும் அதன் முகவரிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். நம் தளத்தின் முகவரிக்கு எதிரே `Active` என்று இருந்தால் அது நடப்பில் உள்ளது. `Inactive` என்றால் அந்த முகவரி உரிமத்தின் கீழ் இப்போது இல்லை. வேறொரு பிராண்டுக்காக நடத்தும் தளம் என்றால் `White Label` என்ற குறிப்பு இருக்கும். டிஜிபி யூரோப் கதையைப் படித்த பிறகு அந்தக் குறிப்பின் பொருள் புரியும். தளத்தின் பெயரில் இருப்பவருக்கு அல்ல, பின்னால் இருப்பவருக்குத்தான் உரிமம்.

முகவரி சரி என்றால் அடுத்தது உரிமத்தின் நிலை. நடப்பில் இருக்கலாம், இடைநிறுத்தப்பட்டிருக்கலாம், ரத்தாகியிருக்கலாம், நிறுவனமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். பழைய உரிமங்களின் பக்கங்களும் பதிவேட்டில் இருப்பதால் 'பெயர் இருக்கிறதே' என்று நின்றுவிடக் கூடாது. நிஜப் போட்டிகள் மீதான பந்தயத்துக்கு ஓர் அனுமதி, கேசினோவுக்கு வேறு அனுமதி என்று தொழில் வகைகளும் அங்கேயே பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

ஆணையம் எடுத்த நடவடிக்கைகளும் அதே பக்கத்தில் கிடைக்கும். அங்கே அபராதத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். வில்லியம் ஹில் குழுமம் 2023இல் 1 கோடியே 92 லட்சம் பவுண்டு கட்ட நேர்ந்தது. அந்த நிறுவனம் இன்னும் தொழிலில் இருக்கிறது. அபராதம் போட முடிகிறது என்றால் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பொருள். உரிமம் இல்லாத தளத்துக்கு அபராதச் சரித்திரம் எதுவும் இருக்காது.

முதல் பந்தயத்துக்கு முன்பே ஆதாரம்

பதிவேட்டைப் பார்க்காமலேகூட ஒரு தளத்தின் தன்மையைச் சொல்லிவிடும் அறிகுறி ஒன்று உண்டு. அடையாள ஆதாரத்தை அது எப்போது கேட்கிறது என்பதுதான் அது.

2019 மே 7க்கு முன்பு பிரிட்டனில் நிலைமை வேறு. புதிய வாடிக்கையாளரின் வயதைச் சரிபார்க்க நிறுவனங்களுக்கு 72 மணி நேரம் அவகாசம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் பணம் போட்டு விளையாடலாம். தோற்றுப்போனவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஜெயித்தவர் பணத்தை எடுக்க வந்தபோதுதான் ஒவ்வோர் ஆவணமாகக் கேட்கத் தொடங்கினார்கள். படம் தெளிவாக இல்லை, மின்கட்டண ரசீது பழையது, கார்டின் பின்பக்கம் வேண்டும் என்று நாட்கள் ஓடின. அலுத்துப்போனவர் அந்தப் பணத்தை மறுபடி பந்தயத்தில் வைத்துத் தோற்றார். இது பற்றிப் புகார்கள் குவிந்தன.

இப்போதைய விதி வெளிப்படையானது. பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்க்காமல் ஒருவரை முதல் பந்தயம் கட்ட அனுமதிக்கக் கூடாது. அதற்கு மேல், முன்கூட்டியே நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய ஒரு தகவலை, பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாக வைக்கக் கூடாது. வேறு சட்டக் கடமையால் அப்போதுதான் கேட்டாக வேண்டிய தகவலுக்கு மட்டும் விதிவிலக்கு. உரிமம் உள்ள தளம் உள்ளே வரும்போது கேள்வி கேட்கும். உரிமம் இல்லாத தளம் ஒரு மின்னஞ்சல் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுவிடும், வெளியே போகும்போதுதான் பிடிக்கும். 'கேஒய்சி வேண்டாம், உடனே ஆடலாம்' என்பதை ஒரு வசதியாக விளம்பரம் செய்யும் தளத்துக்கு பிரிட்டனில் உரிமம் இருக்க வழியே இல்லை.

சோதனை எப்படி நடக்கிறது? பெரும்பாலானோருக்கு அது நடப்பதே தெரியாது. கொடுத்த பெயர், முகவரி, பிறந்த தேதி எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளோடும் வாக்காளர் பட்டியலோடும் சில விநாடிகளில் ஒப்பிடப்படும். பொருந்தினால் முடிந்தது. பொருந்தாவிட்டால் ஆவணம் கேட்பார்கள். அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம். முகவரிக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் வந்த வங்கி அறிக்கை, கவுன்சில் வரி ரசீது, மின்கட்டண ரசீது. சில தளங்கள் கைபேசிக் கேமராவில் முகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லும்.

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் பெயர்கள் அங்கத்திய படிவங்களுக்கு ஒத்துவருவதில்லை. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். வங்கியில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். வேலை இடத்தில் சுருக்கிய பெயர் ஓடும். ஈழத்து நீண்ட பெயர்கள் வங்கிக் கார்டில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். கணினிக்கு இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்கள். கணக்குத் தொடங்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயரையோ ஆங்கிலேயர் வாயில் நுழையும் பெயரையோ போடாமல், வங்கிக் கணக்கிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடி போடுவதே வழி. இரண்டும் தம்முள் மாறினால் முதலில் வங்கியில் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது. புதிதாக வந்த மாணவருக்கும் வேலைக்காரருக்கும் இன்னொரு சிக்கல். அவர்களுக்குக் கடன் பதிவே இருக்காது. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், சட்டப்படி பிரிட்டனில் வசித்தால் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பதிவு இருந்தால் இணையச் சோதனைகள் எளிதில் முடிகின்றன. வங்கி, வாடகை வீடு எல்லாவற்றுக்குமே அது உதவும்.

மனைவியின் கார்டிலிருந்தோ நண்பரின் கணக்கிலிருந்தோ பணம் போடுவது வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தளங்கள் இதை ஏற்பதில்லை. போடும்போது விட்டுவிட்டாலும், எடுக்கும்போது 'கார்டு உங்கள் பெயரில் இல்லை' என்று நிறுத்துவார்கள். அப்போது தவறு வாடிக்கையாளர் பக்கம்.

ஆவணங்களைத் தளத்தில் நம் கணக்குக்குள் இருக்கும் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பாஸ்போர்ட் படம் கேட்பவர் பந்தய நிறுவனத்தின் ஆள் அல்ல. கார்டின் படம் கேட்டால் நடு எண்களை மறைத்துவிட்டு அனுப்பலாம். பின்புறத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணை எவருக்கும் காட்டத் தேவையில்லை.

640 பவுண்டின் பயணம்

பணம் எடுப்பதை ஒரு கணக்கைக் கொண்டு பார்க்கலாம். ஒருவர் சனிக்கிழமை டெபிட் கார்டிலிருந்து 100 பவுண்டு போடுகிறார். கிரெடிட் கார்டு 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் சூதாட்டத்துக்குத் தடை. ஒரு தளம் கிரெடிட் கார்டை ஏற்றுக்கொண்டால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். ஞாயிறு மாலை அவர் கணக்கில் 640 பவுண்டு நிற்கிறது. முழுவதையும் எடுக்கக் கேட்கிறார்.

முதலில் அது நிலுவையில் இருப்பதாகக் காட்டும். சில நிமிடமோ ஒரு நாளோ. அந்த நேரத்தில் நிறுவனம் பந்தயங்களைச் சரிபார்க்கும். பழைய காலத்தில் இந்த நிலுவை இரண்டு மூன்று நாட்கள் இழுக்கும், பக்கத்திலேயே 'ரத்து செய்து மீண்டும் விளையாடு' என்ற பொத்தானும் இருக்கும். நள்ளிரவில் அந்தப் பொத்தானை அழுத்தி மொத்தத்தையும் இழந்தவர்கள் ஏராளம். 2021 அக்டோபர் 31 முதல் இந்த வசதியையே ஆணையம் நிரந்தரமாகத் தடை செய்தது. எடுக்கக் கேட்ட பணத்தைத் திரும்பப் பந்தயத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை இன்று எந்தத் தளமாவது காட்டினால், அது பிரிட்டன் விதியின் கீழ் இயங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பிரிட்டனில் சூதாட்டத்துக்கு வந்த சீர்திருத்தங்களில் சத்தமில்லாமல் அதிக நன்மை செய்தது இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பணம் கிளம்பும், வந்த வழியே திரும்பும். கார்டிலிருந்து வந்தது கார்டுக்கு, பேபாலிலிருந்து வந்தது பேபாலுக்கு. ஒரு வழியில் கருப்புப் பணத்தைப் போட்டு வேறு வழியில் வெள்ளையாக எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நம்மவர் 100 பவுண்டு போட்ட அதே டெபிட் கார்டுக்கு 640 பவுண்டு போகும். விரைவுப் பரிமாற்றத்தை ஏற்கும் வங்கி என்றால் சில மணி நேரத்தில் வந்துவிடும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து ஐந்து வேலை நாட்கள். ஞாயிறு மாலை கேட்ட பணம் புதன்கிழமை வரை வராததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதற்குள் கார்டு காலாவதியாகிப் போயிருந்தால் வங்கி அறிக்கையைக் காட்டி வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

640இல் 40 பவுண்டு போனஸ் என்றால்? அந்த நாற்பதுக்குத்தான் நிபந்தனை. தம் சொந்தப் பணத்தையும் அதில் ஜெயித்ததையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்பதை 2018இல் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் பெரிய நிறுவனங்களை ஒப்புக்கொள்ள வைத்தது. போனஸ் நிபந்தனைக்கும் 2026 ஜனவரி முதல் உச்சவரம்பு வந்திருக்கிறது. போனஸ் தொகையைப்போல் பத்து மடங்குக்கு மேல் பந்தயம் கட்டச் சொல்லக் கூடாது. 10 பவுண்டு போனஸுக்கு 400 பவுண்டு சுழற்றச் சொல்லும் தளம் இனி விதிக்கு வெளியே.

தொகை பெரிதாகும்போது ஒரு கேள்வி வரும்: 'போட்ட பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?' சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீடு விற்ற பத்திரம் போன்றவற்றைக் கேட்பார்கள். இது வாடிக்கையாளருக்கு எரிச்சல் தரும். என்றாலும் இது மோசடியின் அடையாளம் அல்ல. குற்றத்தில் வந்த பணம் தொடர்பான சட்டத்தின் கீழ் நிறுவனத்துக்குக் கடமை இருக்கிறது. முன்னர் சொன்ன விதிவிலக்கு இதற்குத்தான். ஆனால் அதே ஆவணத்தை மூன்று முறை கேட்பதும், எது குறை என்று சொல்லாமல் நிராகரிப்பதும் இழுத்தடிப்பு. 2025 பிப்ரவரி 28 முதல், 30 நாளில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் போடுபவரின் திவால், நீதிமன்றக் கடன் தீர்ப்பு போன்ற பொதுப் பதிவுகளையும் தளங்கள் பார்க்கின்றன. அதற்கு வாடிக்கையாளர் எந்தக் காகிதமும் தர வேண்டியதில்லை.

உரிமம் இல்லாத தளத்தில் அதே 640 பவுண்டுக்கு என்ன ஆகும்? பணம் எடுக்க முயன்றதும் உதவி மைய அரட்டையில் ஒருவர் வருவார். மரியாதையாகப் பேசுவார். உங்கள் கணக்கைச் 'சரிபார்க்க' 100 பவுண்டு போடுங்கள், உடனே திரும்பி வரும் என்பார். போட்டதும், ஜெயித்த தொகைக்கு 20 சதவீத வரி முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பார். பிரிட்டனில் பந்தயத்தில் ஜெயிப்பவர் வரி கட்ட வேண்டியதே இல்லை. பந்தயம் கட்டுபவர் மீது விழுந்த வரி 2001இல் நீக்கப்பட்டது; இப்போது நிறுவனம்தான் கட்டுகிறது. இந்த ஓர் உண்மை தெரிந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். வரிக்குப் பிறகு 'விடுவிப்புக் கட்டணம்' வரும், அதற்குப் பிறகு வேறொன்று. பணத்தை விடுவிக்கப் பணம் கேட்கும் உரிமம் பெற்ற நிறுவனம் எதுவும் கிடையாது.

இந்தத் தளங்கள் தேடிப் பிடிப்பது யாரை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் பழக்கத்தை விட நினைப்பவர்கள் கேம்ஸ்டாப் என்ற இலவச ஏற்பாட்டில் பதிந்துகொண்டால், உரிமம் உள்ள எல்லா இணையத் தளங்களும் அவர்களை உள்ளே விடக் கூடாது. 2020 மார்ச் முதல் இதில் சேர்வது நிறுவனங்களுக்குக் கட்டாயம். 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளங்கள்' என்று பட்டியல் போட்டு விளம்பரம் செய்பவர்கள், விட முயலும் மனிதரையே குறிவைக்கிறார்கள். இது ஈவிரக்கமற்ற வேலை.

உரிமம் எதைக் காப்பாற்றாது

உரிமம் இருந்தால் பணம் பத்திரம் என்று எண்ணிவிடவும் கூடாது. ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற தளம் 2015 முதல் பிரிட்டன் உரிமத்தோடு நடந்தது. கால்பந்து வீரர்களைப் பங்குகள்போல் வாங்கி விற்கலாம், அவர்கள் நன்றாக ஆடினால் ஈவுத்தொகை கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. 2021 மார்ச்சில் ஈவுத்தொகையைத் திடீரென வெட்டியது, 'பங்குகள்' சரிந்தன, மார்ச் 11 அன்று தளம் நின்றது, உரிமமும் இடைநிறுத்தப்பட்டது. வாடிக்கையாளர்களின் நடப்பில் இருந்த பந்தயங்களில் சுமார் 9 கோடி பவுண்டு சிக்கிக்கொண்டது. ஆணையம் மெதுவாகச் செயல்பட்டது என்று அரசு அமைத்த தனி ஆய்வே குறை சொன்னது.

நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் இருப்புக்கு என்ன பாதுகாப்பு என்பதை ஒவ்வொரு தளமும் தன் விதிமுறைகளில் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்நிலை என்று தரம் பிரித்திருப்பார்கள். பெயர் பெற்ற தளங்களில்கூடச் சில முதல் வகையில்தான் நிற்கின்றன. அது சட்ட மீறல் அல்ல, சொல்லிவிட்டால் போதும் என்பதே விதி. அதனால் ஜெயித்த பணத்தைக் கணக்கிலேயே விட்டுவைப்பது புத்தியல்ல.

உரிமம் உள்ள நிறுவனம் பணம் தர மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால், அல்லது இதுவே எங்கள் இறுதி முடிவு என்று கைவிரித்தால், அந்நிறுவனம் பெயர் குறிப்பிட்டிருக்கும் நடுவர் அமைப்பிடம் இலவசமாகப் போகலாம். ஐபாஸ் என்று அழைக்கப்படும் சுதந்திரப் பந்தயத் தீர்ப்பு அமைப்பு 1998 முதல் இந்த வேலையைச் செய்கிறது. சூதாட்ட ஆணையம் தனி மனிதரின் பணத்தை மீட்டுத் தராது. புகாரைத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். நீதிமன்றமும் இருக்கிறது. 2018இல் பெட்ஃபிரெட் விளையாட்டில் 17 லட்சம் பவுண்டு ஜெயித்த ஒருவருக்கு, மென்பொருள் கோளாறு என்று சொல்லிப் பணம் மறுத்தார்கள். 2021இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட ஒரு முகவரி இருந்ததால்தான் அது முடிந்தது. அதனால் பந்தயச் சீட்டு எண்கள், அரட்டையின் படங்கள், பணம் கேட்ட தேதி எல்லாவற்றையும் அன்றைக்கன்றே எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

இந்தக் கட்டுரையை இந்தியாவில் இருந்து படிப்பவருக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே இணையச் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. ஆகவே 'வெளிநாட்டு லைசென்ஸ் இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புக்குச் சென்னையிலும் மதுரையிலும் எந்த மதிப்பும் இல்லை. பிரிட்டன் ஆணையத்தின் எண்ணே அதில் ஒட்டியிருந்தாலும் அது இந்தியாவில் செல்லாது.

ஏற்கெனவே பணத்தை அனுப்பிவிட்டவர் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் புகார் போனால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் 159ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு கிடைக்கும். பந்தயமே கையை மீறிப் போய்விட்டது என்று தோன்றினால் அங்கே தேசியச் சூதாட்ட உதவி எண் 0808 8020 133. எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.